ஊசி போட்டாச்சு, எதிர்ப்பு வந்ததா?

நாள்பட்ட கல்லீரல் நோயாளியின் ஃபைலைப் பிரித்தால் அதில் இல்லாதது எதுவும் இருக்காது. ஸ்கேன் படங்கள், எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட், மாதாமாதம் எடுத்த பிலிருபின் கணக்கு, உப்பு குறைக்கச் சொல்லி எழுதிய உணவுச் சீட்டு என்று எல்லாம் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். தடுப்பூசிக்கான தாள் மட்டும் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் “ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாயிற்று” என்ற ஒற்றை வரியோடு நின்றிருக்கும். எத்தனை மைக்ரோகிராம் போட்டார்கள், எங்கே போட்டார்கள், அதற்குப் பிறகு உடலில் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு இந்தக் கேள்விகள் அவ்வளவு முக்கியமில்லை. நாற்பது வயதுக்கு உட்பட்ட ஆரோக்கியமானவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்று ஊசியிலேயே பாதுகாப்பு வந்துவிடும். சிரோசிஸ் வந்தவரின் நிலை வேறு. வழக்கமான அளவில் போட்டால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த ஊசி வேலையே செய்வதில்லை.

சிரோசிஸ் என்பது கல்லீரல் தழும்பேறி இறுகிச் சுருங்கிப்போகும் நிலை. குடிப்பழக்கத்தால் வரலாம். சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரலால் வரலாம். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களால் வரலாம். சிலருக்கு உடலின் எதிர்ப்பு அணுக்களே கல்லீரலைத் தாக்குவதாலும் வரும். எந்த வழியில் வந்தாலும் மிச்சமிருக்கும் நல்ல செல்களை வைத்துத்தான் உடல் காலம் தள்ளுகிறது. அந்த நேரத்தில் புதிதாக ஒரு வைரஸ் கல்லீரலைத் தாக்கினால், மற்றவர்களுக்கு மூன்று வாரக் காமாலையாகப் போகவேண்டியது இவர்களுக்குக் கல்லீரல் செயலிழப்பாகிவிடுகிறது. வயிற்றில் நீர் கோத்து, நினைவு தடுமாறி, ஐ.சி.யூ.வில் சேரும் நோயாளிகளை இங்குள்ள மருத்துவர்கள் விசாரிக்கும்போது, அடிப்படை நோயின் மேல் புதிதாக ஏறிய ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸைக் கண்டுபிடிப்பது அபூர்வமல்ல.

இத்தாலியில் 1998ல் வெளியான ஓர் ஆய்வு இந்த அபாயத்தைப் பளிச்சென்று காட்டியது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி, சி நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். அவர்களில் சி வைரஸ் உள்ள 17 பேருக்கு இடையில் ஹெபடைடிஸ் ஏ தொற்றியது. 7 பேருக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழந்தது; 6 பேர் இறந்துபோனார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு மோசமான கணக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நாள்பட்ட கல்லீரல் நோயாளிக்கு ஏ ஊசி போடவேண்டும் என்ற பரிந்துரை வலுப்பெற்றதில் அந்த ஆய்வுக்குப் பங்கு உண்டு.

ஹெபடைடிஸ் ஏ தண்ணீராலும் உணவாலும் பரவும் காமாலை. நம் ஊரில் இதில் ஒரு விசித்திரம் உண்டு. குளத்து நீரும் கிணற்று நீரும் குடித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த வைரஸ் ஐந்தாறு வயதிலேயே தொற்றி, பெரும்பாலும் காமாலைகூடத் தெரியாமல் வந்துபோயிருக்கும். அதனால் வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தி நிற்கும். அறுபது வயதுக் கிராமத்துக்காரருக்கு இந்த ஊசி அநேகமாகத் தேவைப்படாது. ஆர்.ஓ. தண்ணீரும் அடுக்குமாடி வீடுமாக வளர்ந்த அவர் மகளுக்குத்தான் வைரஸோடு அறிமுகமே இருக்காது. சுத்தமான குழந்தைப் பருவத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு. கேரளத்தில் 2024ல் மலப்புரம் மாவட்டத்திலும் எர்ணாகுளம் மாவட்டத்தின் வெங்ஙூரிலும் ஹெபடைடிஸ் ஏ பரவியபோது பெரியவர்கள் பலர் படுத்த படுக்கையானார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன.

ஆகவே ஊசிக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுவது மேல். இங்கேதான் அடிக்கடி குளறுபடி நடக்கிறது. லேபில் “ஹெபடைடிஸ் ஏ டெஸ்ட்” என்று மட்டும் சொன்னால் ஐஜிஎம் எடுத்துத் தந்துவிடுவார்கள். இப்போது காமாலை ஓடுகிறதா என்பதை மட்டும்தான் ஐஜிஎம் சொல்லும். பழைய பாதுகாப்பு இருக்கிறதா என்று தெரிய ஐஜிஜி, அல்லது இரண்டையும் சேர்த்த மொத்த ஆன்ட்டிபாடி எடுக்க வேண்டும். ஐஜிஎம் ‘நெகட்டிவ்’ என்ற சீட்டைப் பார்த்துவிட்டு ஏ பிரச்சினை இல்லை என்று ஃபைலை மூடிவைப்பவர்கள் உண்டு. ஐஜிஜி நெகட்டிவ் என்றால் ஊசி வேண்டும். பாசிட்டிவ் என்றால் வேண்டாம். கணக்கு அவ்வளவுதான்.

ஊசியிலும் இரண்டு வகை இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று, வைரஸைக் கொன்று செய்தது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். மற்றொன்று, பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். ஒரே முறை போட்டால் போதும் என்பதால் குழந்தை மருத்துவர்களிடம் பிரபலம். சிரோசிஸ் நோயாளிக்கு ஏற்றது கொல்லப்பட்ட வகைதான். ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸுக்காகப் பிரெட்னிசோலோனோ அசதயோப்ரினோ சாப்பிடுகிற பெண்ணுக்கு உயிருள்ள வகையைத் தொடவே கூடாது. மருந்துக் கடையில் “ஒரே டோஸ்ல முடிஞ்சிடும்மா” என்று எடுத்துக்கொடுத்தால், பெட்டியில் எந்த வகை என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். 2001ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிரோசிஸ் இருந்தும் இன்னும் சமாளித்துக்கொண்டிருந்த நோயாளிகளில் 98 சதவீதம் பேருக்கு இரண்டு ஏ ஊசியில் எதிர்ப்பு வந்தது. வயிற்றில் நீர் கோத்து நிலை தளர்ந்துவிட்டவர்களில் அது ஏறத்தாழ 66 சதவீதமாக இறங்கிவிட்டது. கல்லீரல் கெடக் கெட நோய் எதிர்ப்பு மண்டலமும் கூடவே மங்குகிறது. ஸ்கேனில் முதன்முதலாகச் சிரோசிஸ் என்று தெரிந்த அன்றே ஊசிப் பேச்சை எடுக்க வேண்டும். உடம்பு கொஞ்சம் தேறட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், தேறுவதற்குப் பதில் சரிந்துவிடும் வாய்ப்பே அதிகம்.

ஹெபடைடிஸ் பி ரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுவது. சிரோசிஸ் நோயாளியின் உடலில் ஊசியும் குழாயும் ஏறாத மாதமில்லை, ரத்தமும் ஏற்றுவார்கள். குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பி ஊசி நாடு முழுவதும் சேர்ந்தது 2011 வாக்கில்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் தாமாகப் போட்டுக்கொண்டிருந்தால்தான் உண்டு. இங்கே நடைமுறை கொஞ்சம் நீளம் என்பதால் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு பார்ப்போம். ஈரோட்டுப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் ராஜாமணிக்கு வயது 54. பதினைந்து வருடச் சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல், அதன் வழியாகச் சிரோசிஸ். வயிற்றில் நீர் இல்லை, காமாலை இல்லை.

முதலில் அவருக்கு மூன்று பரிசோதனைகள் வேண்டும். ஹெச்பிஎஸ் ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். அது இருந்தால் நோய் இப்போது உடலில் இருக்கிறது. ஆன்ட்டி-ஹெச்பிசி டோட்டல் என்பது எப்போதாவது வைரஸ் உள்ளே வந்திருந்தால் அது விட்டுப்போன தடயம். ஆன்ட்டி-ஹெச்பிஎஸ் என்பது பாதுகாப்பின் அளவு. பல இடங்களில் முதலாவதை மட்டும் எடுத்து, நெகட்டிவ் என்றதும் ஊசி போட்டுவிடுகிறார்கள். ஹெச்பிஎஸ் ஏஜி பாசிட்டிவாக இருப்பவருக்கு பி ஊசியால் எந்தப் பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது வைரஸை அடக்கும் மாத்திரை. கூடவே ஏ ஊசி. “எனக்குத்தான் பி இருக்கே, ஏ எதுக்கு?” என்று அவர்கள் கேட்பது வழக்கம். ஏ வேறு வைரஸ். பி இருப்பது ஏ வராமல் தடுக்காது. ராஜாமணிக்கு மூன்றும் இல்லை. ஏ ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ், அதாவது சிறுவயதுத் தண்ணீரின் உபயம். ஆக அவருக்கு பி ஊசி மட்டும் போதும்.

ஆரோக்கியமான பெரியவருக்கு 20 மைக்ரோகிராம் கொண்ட ஒரு மில்லி ஊசி, முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என மூன்று தவணை. சிரோசிஸ் நோயாளிக்குப் பல கல்லீரல் மருத்துவர்கள் ஒவ்வொரு தவணையிலும் இரட்டிப்பாக 40 மைக்ரோகிராம் போடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு குப்பியையும் ஒரே நாளில், கைக்கு ஒன்றாக. அளவைக் கூட்டினால் பலன் கிடைப்பவர் எண்ணிக்கையும் கூடுகிறது. முழுமையாக இல்லை, ஆனால் கூடுகிறது.

ராஜாமணி வெளியூர்க் கடையில் குப்பிகளை வாங்கி, கெட்டுப்போகக் கூடாதே என்று பிளாஸ்டிக் பையில் ஐஸ்கட்டிக்கு நடுவே திணித்துக் கொண்டுவந்தார் என்று வையுங்கள். நல்ல எண்ணம்தான், விளைவு மோசம். பி ஊசியில் அலுமினிய உப்பு கலந்திருக்கிறது. உறைந்துவிட்டால் அது திரிந்து, மருந்தின் வீரியம் போய்விடும். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். பனிக்கட்டி குப்பியை நேராகத் தொடக் கூடாது. உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கி வைத்தால் செதில் செதிலாகத் திரண்டு, சீக்கிரமே அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். குளிர்சாதன வசதி உள்ள மருத்துவமனையிலேயே வாங்கி அங்கேயே போட்டுக்கொள்வது உத்தமம்.

“இடுப்புலயே போடுங்க சிஸ்டர், கை வலிச்சா தறி ஓட்ட முடியாது” என்கிறார் ராஜாமணி. கேட்கக் கூடாது. பின்பக்கத்துக் கொழுப்பில் போட்ட பி ஊசிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாகவே வருகிறது. தோளுக்குக் கீழே கையின் மேற்புறத் தசையில்தான் போட வேண்டும். சிரோசிஸில் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட் குறைந்திருக்கும் என்பதால் செவிலியருக்கும் தயக்கம் வரும். அதற்காக ஊசியைத் தவிர்க்க வேண்டியதில்லை. மெல்லிய ஊசியை எடுத்துக்கொண்டு, போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடித்தால் போதும். பிளேட்லெட் மிகவும் குறைந்தவருக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் முதலில் கல்லீரல் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது தவணை முடிந்த பத்தாம் நாள் உணவுக்குழாய் நரம்புக்கு வளையம் போட எண்டோஸ்கோப்பிக்கு வருகிறார். வழக்கப்படி எடுத்த ரத்தத்தில் ஹெச்பிஎஸ் ஏஜி மெலிதாகப் பாசிட்டிவ். வீட்டில் ஒரே கலவரம்: “ஊசி போட்டே மஞ்சக்காமாலைய வரவச்சிட்டாங்களா?” அப்படி நடக்க வழியில்லை. ஈஸ்ட் நுண்ணுயிரிக்குள் உற்பத்தி செய்த அந்த மேலுறைப் புரதம்தான் ஊசி மருந்தே. அதில் வைரஸ் கிடையாது. போட்ட புரதம் சில நாட்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போது பரிசோதனை அதைப் பிடித்துவிட்டது. மூன்று வாரத்துக்குள் மறைந்துவிடும். ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்தால் நெகட்டிவ். ஊசி போட்ட தேதியை லேபில் சொல்லியிருந்தால் அந்தக் கலவரமே நேர்ந்திருக்காது.

கடைசித் தவணையிலிருந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஆன்ட்டி-ஹெச்பிஎஸ் அளவை எடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். 10 மில்லி யூனிட்டும் அதற்கு மேலும் என்றால் பாதுகாப்பு. ராஜாமணிக்கு வந்தது 6. சீட்டில் ஏதோ ஓர் எண் இருக்கிறது, பூஜ்யமில்லை என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. அவருக்கு இன்னும் பாதுகாப்பு வரவில்லை. இரட்டிப்பு அளவில் மறுபடி ஒரு முழுச் சுற்று போட வேண்டும். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு எடுத்தபோது 48 என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் ஃபைலில் அந்த வரியை எழுதலாம். அதற்குப் பின்னும் எண் காலப்போக்கில் இறங்கும். சிரோசிஸில் சீக்கிரமே இறங்கும். ஆகையால் வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, பத்துக்குக் கீழே போனால் ஒரு பூஸ்டர் போடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஏ ஊசிக்கு இந்தப் பின்பரிசோதனை வழக்கமாகத் தேவையில்லை. ஊசியால் வரும் குறைந்த அளவு ஆன்ட்டிபாடியைச் சாதாரண லேப் பரிசோதனை சில சமயம் பிடிக்காமல் விட்டுவிடும். வீணாகக் கவலைப்பட நேரும்.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் பத்தைத் தொடாதவர்கள் உண்டு. அவர்களுக்கு ஊசியால் பாதுகாப்பு இல்லை என்பதை ஃபைலிலேயே எழுதிவைக்க வேண்டும். பி வைரஸ் உள்ள ரத்தம் தவறிப்போய்ப் பட்டுவிட்டால், ஊசி போட்டவர்தானே என்று விட்டுவிடாமல் உடனே இம்யூனோகுளோபுலின் கொடுக்க அந்தக் குறிப்பு உதவும். நோய் எதிர்ப்பை இன்னும் பலமாகத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த புதுவகை பி ஊசி ஒன்றுக்கு 2017ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணை.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சகாக்களும் 1988ல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் அதில் பங்கேற்றிருந்தார். பி வைரஸை நீண்டகாலம் சுமந்தவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 59 சதவீதம் பேரின் ரத்தத்திலிருந்து ஹெச்பிஎஸ் ஏஜி மறைந்துவிட்டதாக அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. தவிர, அந்த ஆய்வே ஏற்கெனவே வைரஸ் உள்ளவர்களைப் பற்றியது. வராமல் தடுப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. சிரோசிஸ் உள்ளவர் காமாலைக்கு முன்னெச்சரிக்கையாக என்று நினைத்து எந்த மூலிகைப் பொடியையும் மாதக்கணக்கில் சாப்பிடுவது ஆபத்து. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது கல்லீரலுக்குத்தான் தெரியும்.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபுளூ ஊசி ஆண்டுதோறும், மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வகையைத் தவிர்த்து. நிமோனியாவைத் தரும் நியூமோகாக்கஸுக்கான ஊசி. ஐம்பது தாண்டியவர்களுக்கு அக்கிக்கான உயிரற்ற ஊசி, இரண்டு தவணை. டெட்டனஸ் பூஸ்டர். ஹெபடைடிஸ் ஈக்குச் சீனாவில் 2011ல் ஓர் ஊசி அனுமதி பெற்றது. நம் மருத்துவமனைகளில் அது வழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே ஈ விஷயத்தில் கொதிக்க வைத்த தண்ணீர் ஒன்றுதான் காவல்.

மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்பவருக்கு அவகாசம் இன்னும் குறைவு. உறுப்பு மாற்றிய பின் உடல் அதை நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் ஊசியின் பலனையும் சேர்த்தே அடக்கிவிடும். ஆறு மாதம் காத்திருக்க முடியாதபோது பி ஊசியை முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள், பிறகு ஒரு வருடம் கழித்து என்று நெருக்கிப் போடும் முறையும் உண்டு. சின்னம்மை, தட்டம்மை போன்ற உயிருள்ள ஊசிகள் தேவைப்பட்டால் மாற்று அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். அதற்குப் பின் அவற்றைப் போட முடியாமல் போகலாம்.

கல்லீரலைத் தானம் தருபவரின் ரத்தமும் இங்கே கணக்கில் வருகிறது. ஹெச்பிஎஸ் ஏஜி நெகட்டிவாக இருந்தும் ஆன்ட்டி-ஹெச்பிசி பாசிட்டிவாக இருக்கும் ஒருவரின் கல்லீரல் செல்களுக்குள் வைரஸின் மரபுப்பொருள் பதுங்கியிருக்கலாம். அவருக்கு அதனால் தொந்தரவே இருந்திருக்காது. எதிர்ப்பில்லாத நோயாளியின் உடலுக்குள் அதே கல்லீரல் போய், எதிர்ப்பை அடக்கும் மாத்திரையும் சேர்ந்தால், வைரஸ் விழித்துக்கொள்ளும். பெறுபவருக்கு முன்பே போட்ட ஊசியால் எதிர்ப்பு வந்திருந்தால் அபாயம் வெகுவாகக் குறையும். இல்லையென்றால் வைரஸை அடக்கும் மாத்திரையை நீண்டகாலம், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும். அதனால்தான் அப்பாவுக்குக் கல்லீரலில் பாதியைத் தர முன்வரும் மகனிடமும் மருத்துவர்கள் ஹெச்பிஎஸ் ஏஜியோடு நிறுத்தாமல் ஆன்ட்டி-ஹெச்பிசி டோட்டலையும் எடுத்துவரச் சொல்கிறார்கள்.